இரவு மாத்திரையா, உறவுக்குப் பின் மாத்திரையா? எட்டு மாதம் ஆன பிறகு எப்படி நிறுத்துவது?

தாழைமடல், ஜனவரி 9

கேள்வியை முதலில் வைத்துவிடுகிறேன். எட்டு மாதங்களாக இரவு படுக்கும்முன் நைட்ரோஃபியூரன்டாயின் 50 மி.கி. மாத்திரை ஒன்று சாப்பிட்டு வருகிறேன். இந்த எட்டு மாதங்களில் ஒரு முறைகூடச் சிறுநீர்த் தொற்று வரவில்லை. ஆறு மாதத்துக்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, நிறுத்தினால் மீண்டும் அந்த எரிச்சல் வந்துவிடும் என்ற பயத்தில், பழைய சீட்டைக் காட்டி நானே நீட்டித்துக்கொண்டேன். இனி நிறுத்தலாமா, அல்லது உடலுறவுக்குப் பின் மட்டும் ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாமா?

எனக்கு வயது 34. மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய 12 மாதங்களில் ஐந்து முறை தொற்று வந்தது. ஒவ்வொரு முறையும் எரிச்சல் தொடங்கிய நாளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று அதை எடுத்துப் பார்த்தபோதுதான், ஐந்தில் நான்கு முறை உறவு கொண்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ எரிச்சல் தொடங்கியிருப்பது தெரிந்தது. ஐந்தாவதற்கு அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. இந்தக் கணக்கை நான் ஏன் அப்போதே பார்க்கவில்லை என்று வருத்தமாக இருக்கிறது.

கரைமணல், ஜனவரி 9

உடனே நிறுத்திவிடுங்கள். குறைந்த அளவில் நாள்தோறும் சாப்பிடும் ஆண்டிபயாடிக்கைப் போலக் கிருமியை மருந்துக்குப் பழக்குவது வேறொன்றும் இல்லை. எனக்கும் இந்தத் தொல்லை இருந்தது. நான் தடுப்பு மாத்திரையே எடுத்ததில்லை. எரிச்சல் தொடங்கினால் மட்டும் சில நாட்கள் முழு அளவில் சாப்பிடுவேன். அதோடு மாதம் ஒரு முறை சிறுநீர் கல்ச்சர் கொடுத்துவிடுவேன். எதுவும் இல்லாதபோதே கிருமியைக் கண்டுபிடித்துக் கொன்றுவிட்டால் தொற்று வராது அல்லவா?

வெண்காந்தள், ஜனவரி 10

சிறுநீரகவியல் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். கரைமணல் சொன்னதில் முதல் பாதி சரி, பின் பாதி தவறு. தடுப்பு மாத்திரை கிருமிகளை மருந்துக்கு எதிர்ப்புள்ளவையாக மாற்றும் என்பது உண்மைதான். சிறுநீரில் மட்டுமல்ல, குடலில் வாழும் கிருமிகளிலும் அந்த மாற்றம் நிகழும். தொற்று வரும்போது மட்டும் மருத்துவம் செய்துகொள்வதும் பலருக்கு நல்ல வழியே. ஆனால் அறிகுறி இல்லாதபோது கல்ச்சர் கொடுத்து, வளர்ந்த கிருமிக்கு மருந்து சாப்பிடுவது நன்மையை விடத் தீமையைத்தான் செய்யும். அடிக்கடி தொற்று வரும் இளம் பெண்களிடம் 2012-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். அறிகுறியில்லாத கிருமிக்கு மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குத்தான், கொடுக்கப்படாதவர்களை விட அதிகமாகத் தொற்று வந்தது. தொல்லை தராமல் தங்கியிருக்கும் கிருமி, தொல்லை தரும் கிருமி உள்ளே வராமல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

தாழைமடல், உங்கள் நாட்குறிப்புதான் இங்கே மிகப் பெரிய சான்று. இரவு மாத்திரை என்பது, இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கும் சிறுநீரில் மருந்து செறிவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட முறை. எப்போது தொற்று வரும் என்று முன்கூட்டித் தெரியாதவர்களுக்கு அது பொருந்தும். உங்களுக்கோ ஐந்தில் நான்குக்கு நேரம் தெரிந்திருக்கிறது. உறவின்போது பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள கிருமிகள் சிறுநீர்த்துளைக்குள் தள்ளப்படுகின்றன. அவை சிறுநீர்ப்பையில் ஒட்டிப் பெருகும்முன் ஒரு மாத்திரை அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். உறவு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்று என்பதுதான் வழக்கமான முறை. 1990-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், உறவுக்குப் பின் கோ-டிரைமாக்சசோல் ஒன்று எடுத்த பெண்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 0.3 முறையும், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.6 முறையும் தொற்று வந்தது. மொத்தமே 27 பெண்கள்தான் அதில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் மாற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஒன்று கேட்கிறேன். எட்டு மாத நைட்ரோஃபியூரன்டாயினில் உங்களுக்கு வறட்டு இருமலோ, படி ஏறும்போது மூச்சு வாங்குவதோ, பாதங்களில் மரமரப்போ இருக்கிறதா? கல்லீரல் பரிசோதனை எப்போதாவது செய்தார்களா?

ஆற்றுநீர், ஜனவரி 10

என் மனைவிக்கும் இதே தொல்லை. உறவுக்குப் பின் மாத்திரை என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். இருவரும் சாப்பிட வேண்டுமா? என்னிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றுகிறது என்றால் நான் மருந்து எடுக்கத் தயங்க மாட்டேன். இரண்டு ஆண்டுகளாக அவள் படும் வேதனைக்கு நான்தான் காரணமோ என்ற எண்ணம் என்னை உறங்க விடுவதில்லை.

வெண்காந்தள், ஜனவரி 10

ஐயா, உங்களிடமிருந்து வரும் தொற்று அல்ல இது. பெரும்பாலும் அவர்களுடைய குடலிலிருந்தே வரும் ஈ.கோலை கிருமிதான் காரணம். உறவு அந்தக் கிருமி உள்ளே போவதற்கு வழி செய்கிறது, அவ்வளவே. உங்களுக்கு மாத்திரை தேவையில்லை, பரிசோதனையும் தேவையில்லை. விந்தணுவைக் கொல்லும் களிம்போ, அது பூசிய ஆணுறையோ பயன்படுத்துகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். அவை பிறப்புறுப்பில் இருக்க வேண்டிய நல்ல கிருமிகளை அழித்து ஈ.கோலைக்கு இடம் கொடுக்கும். அதை மாற்றியதாலேயே தொற்று குறைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாழைமடல், ஜனவரி 11

வெண்காந்தள் கேட்டதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நவம்பர் கடைசியிலிருந்து வறட்டு இருமல் இருக்கிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. பருவம் மாறியதால் வந்தது என்றே நினைத்திருந்தேன். மூன்றாம் மாடிக்கு ஏறும்போது நடுவில் ஒரு முறை நிற்கிறேன். அதற்கும் எடை கூடியதைத்தான் காரணமாக எண்ணினேன். மாத்திரையையும் இருமலையும் ஒரு நாள்கூடச் சேர்த்துப் பார்த்ததில்லை. சீட்டை நீட்டித்தபோது யாரும் இதைக் கேட்கவும் இல்லை.

வெண்காந்தள், ஜனவரி 11

இன்று இரவு மாத்திரை வேண்டாம். நாளையே மருத்துவரைப் பாருங்கள். “எட்டு மாதமாக நைட்ரோஃபியூரன்டாயின், ஆறு வாரமாக வறட்டு இருமல்” என்று இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் இருமலுக்கு ஒரு மருந்தும் சிறுநீருக்கு ஒரு மருந்தும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த நுரையீரல் பாதிப்பு அரிதுதான். ஆனாலும் மெல்ல வரும் வகை பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு மேல் எடுத்தவர்களிடம்தான் தோன்றுகிறது. ஆறு மாதத்தில் மீண்டும் வந்து பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதால் எந்தக் கெடுதலும் இல்லை, படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அல்ல இது.

பனிமலர், ஜனவரி 13

எனக்கு வயது 63. உறவுக்குப் பின் என்ற பேச்சே என் வாழ்க்கையில் இல்லை, ஆனாலும் ஆண்டுக்கு நான்கு முறை தொற்று வருகிறது. சிறுநீரகம் சற்றுப் பலவீனம் என்பதால் நைட்ரோஃபியூரன்டாயின் வேண்டாம் என்று சொல்லி, டிரைமெத்தோபிரிம் 100 மி.கி. இரவில் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஆகிறது. இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரிலும் எடுக்கிறேன். எனக்கும் இருமல் வருமா என்றுதான் கேட்க வந்தேன்.

வெண்காந்தள், ஜனவரி 13

அம்மா, உங்களுக்கு நான் அஞ்சுவது இருமலை அல்ல. (ராமிப்ரிலே வறட்டு இருமலைத் தரலாம் என்பது வேறு விஷயம்.) டிரைமெத்தோபிரிமும் ராமிப்ரிலும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இன்னும் ஏறும். அது வலியோ எரிச்சலோ தராமல் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடியது. பொட்டாசியமும் கிரியேட்டினினும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? 1993-இல் வந்த ஆய்வில், அதைப் பூசியவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 முறையும், வெற்றுக் களிம்பு பூசியவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. உங்கள் வயதில் ஆண்டிபயாடிக்குக்கு முன்பே பேச வேண்டிய மருந்து அது. மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் மட்டும் முதலில் அந்த மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாழைமடல், ஜனவரி 24

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சுப் பரிசோதனையில் நுரையீரலின் அளவு சற்றுக் குறைந்திருந்ததால் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் இரண்டு பக்கமும் லேசான மங்கல் இருந்தது. மருந்தால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் அப்படிக் கருதியே நடந்துகொள்ள வேண்டும் என்றார் நுரையீரல் மருத்துவர். இனி வாழ்நாளில் நைட்ரோஃபியூரன்டாயின் கூடாது என்று என் மருத்துவக் குறிப்பில் எழுதிவிட்டார்கள். வேறு மருந்து எதுவும் கொடுக்கவில்லை, நிறுத்தியதுதான் மருத்துவம்.

சிறுநீர்த் தொற்றைப் பொறுத்தவரை, எதுவும் எடுக்காமல் இருந்து பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எரிச்சல் வந்தால் மாத்திரைக்கு முன் கல்ச்சர் கொடுக்க வேண்டும். அதற்கான சீட்டை இப்போதே கையில் கொடுத்துவிட்டார்.

கரைமணல், ஜனவரி 24

நான் சொன்னதுதான் நடந்தது. ஆனால் அதற்காக மகிழவில்லை, உங்கள் மூச்சு சீக்கிரம் சீராக வேண்டும். எட்டு மாதம் சுத்தமாக இருந்துவிட்டதால் இனி தொற்றே வராது என்று நம்புகிறேன். கிருமி முழுவதும் போயிருக்கும்.

வெண்காந்தள், ஜனவரி 25

அந்த நம்பிக்கையைத் தாழைமடலுக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் தொற்று வந்தால் அவர் தன்மீதே பழி போட்டுக்கொள்வார். தடுப்பு மாத்திரை எடுக்கும் வரைதான் தடுக்கும். குடலில் ஈ.கோலை அப்படியேதான் இருக்கும், உடலமைப்பும் மாறுவதில்லை. நிறுத்திய சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மீண்டும் வருகிறது. மீதிப் பாதிப் பேருக்கு வராமல் இருக்கிறது என்பதற்காகத்தான் நிறுத்திப் பார்க்கிறோம். நீங்கள் எந்தப் பாதி என்பதை நிறுத்தாமல் அறிய வழியில்லை. ஒரு முறை வந்ததும் மீண்டும் தடுப்பு மாத்திரைக்கு ஓட வேண்டியதும் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது ஓராண்டில் மூன்று என்ற பழைய கணக்கு வரும்போதுதான் அந்தப் பேச்சு.

பனிமலர், பிப்ரவரி 2

பொட்டாசியம் 5.6 என்று வந்தது. அன்றே டிரைமெத்தோபிரிமை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து 4.8. ஈஸ்ட்ரோஜன் களிம்பு தொடங்கியிருக்கிறேன். பயன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்றார்கள். இந்தப் பக்கத்துக்குத் தற்செயலாக வந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் படபடப்பாக இருக்கிறது. இரத்தம் எடுத்துப் பார்க்க மூன்று மாதத்தில் யாரும் சொல்லவில்லை.

தாழைமடல், மார்ச் 4

இருமல் நின்றுவிட்டது. மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன்.

ஆனால் மார்ச் 1 காலை எரிச்சல் தொடங்கியது. மாத்திரையை நிறுத்தி ஏழு வாரம், உறவு கொண்டது முந்தைய இரவு. கல்ச்சர் கொடுத்த பிறகு ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை எடுத்தேன். இன்று முடிவு வந்தது. ஈ.கோலை. ஆம்பிசிலினுக்கு அடங்கவில்லை, டிரைமெத்தோபிரிமுக்கு அடங்குகிறது. வெண்காந்தள் எச்சரித்திருந்தும் அன்று முழுவதும் அழுதேன்.

தாழைமடல், மார்ச் 29

இரண்டாவது தொற்று மார்ச் 20 அன்று, மீண்டும் உறவுக்கு மறுநாள். அதே ஈ.கோலை, மருந்துக்கு அடங்கும் பட்டியலும் அதேதான். இதற்கும் ஃபாஸ்ஃபோமைசினே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டு என்பதால், உறவுக்குப் பின் டிரைமெத்தோபிரிம் 200 மி.கி. ஒன்று என்று தொடங்கியிருக்கிறோம். கருவுற்ற தொடக்க மாதங்களில் இந்த மருந்து ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் என்பதால், கருத்தடை என்ன செய்கிறேன் என்று மருத்துவர் முதலில் கேட்டார். காப்பர்-டி வைத்திருப்பதைச் சொன்ன பிறகுதான் எழுதினார். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கிட்டுப் பார்த்தேன். இரவு மாத்திரையில் மாதம் 30. இப்போது வாரம் ஒன்றிரண்டு, மாதம் ஆறுக்கு மேல் போகாது.

ஆற்றுநீர், மார்ச் 30

நாங்கள் களிம்பு பூசிய ஆணுறையை ஜனவரியிலேயே மாற்றிவிட்டோம். மனைவிக்கு இதுவரை ஒரு முறைதான் வந்திருக்கிறது. ஒரு கேள்வி. அடுத்தடுத்த நாட்களில் உறவு இருந்தால் ஒவ்வொரு முறையும் மாத்திரையா?

வெண்காந்தள், மார்ச் 30

ஒரு நாளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. கிட்டத்தட்ட நாள்தோறும் உறவு என்றால், உறவுக்குப் பின் என்ற முறைக்குத் தனிப் பயன் கிடையாது. அதுவும் இரவு மாத்திரையாகவே முடிந்துவிடும். மாத்திரை குறைவதுதான் இந்த முறையின் வலிமை.

தாழைமடலுக்கு ஒன்று. அதே கிருமி மூன்று வாரத்துக்குள் திரும்பியிருப்பதால் கல் ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்களா? மருத்துவம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி திரும்பினால், அது புதிதாக வந்ததா, உள்ளேயே ஒளிந்திருந்ததா என்று பார்ப்பது வழக்கம். உங்களுக்கு அந்த எல்லையைச் சற்றுத் தாண்டித்தான் வந்திருக்கிறது, இருந்தாலும் நான் கேட்டிருப்பேன்.

தாழைமடல், ஏப்ரல் 12

பார்த்தாயிற்று. கல் இல்லை, சிறுநீர் கழித்த பின் பையில் தேங்குவதும் இல்லை.

தாழைமடல், ஜூலை 18

நான்கு மாதமாக எதுவும் வராமல் இருந்து இன்று எரிச்சல். சனிக்கிழமை இரவு மாத்திரை எடுக்க மறந்து உறங்கிவிட்டேன், காலை எட்டு மணிக்குத்தான் எடுத்தேன். அந்த ஒன்பது மணி நேரத் தாமதம்தான் காரணமா, அல்லது எடுத்திருந்தாலும் வந்திருக்குமா என்று தெரியவில்லை. கல்ச்சர் கொடுத்திருக்கிறேன்.

தாழைமடல், ஜூலை 21

ஈ.கோலை. இந்த முறை டிரைமெத்தோபிரிமுக்கு அடங்கவில்லை. அப்படியானால் நேரத்துக்கு எடுத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது என்கிறார் மருத்துவர். மறதிக்காக மூன்று நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன். டிரைமெத்தோபிரிமை நிறுத்திவிட்டோம். ஆறு மாதம் திட்டமிட்டிருந்தது, நான்கில் முடிந்தது.

கரைமணல், ஜூலை 21

இதைத்தான் ஜனவரியில் எழுதினேன். மருந்து பழக்கிய கிருமி இது.

வெண்காந்தள், ஜூலை 22

இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஆறு மாத்திரையால் வந்த எதிர்ப்பா, அல்லது அப்படிப்பட்ட கிருமி வேறு வழியில் குடலுக்கு வந்ததா என்று ஒரே ஒரு கல்ச்சரை வைத்து நாம் இருவரும் சொல்ல முடியாது. தடுப்பு மாத்திரை எடுக்கும்போதே தொற்று வந்தால் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. தடுப்பு மருந்தை நிறுத்த வேண்டும், அடங்கும் வேறு மருந்தால் தொற்றைத் தீர்க்க வேண்டும், கிருமிக்கு எதிர்ப்பு இருந்தால் அந்தத் தடுப்பு மருந்துக்குத் திரும்பக் கூடாது. பலர் இந்த இடத்தில்தான் அளவைக் கூட்டி அதையே தொடர்கிறார்கள்.

ஆண்டிபயாடிக் அல்லாத வழி வேண்டுமென்றால் மெத்தனமின் ஹிப்யூரேட் பற்றிக் கேளுங்கள். ஒரு கிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை. அது சிறுநீரில் பிரிந்து கிருமியைக் கொல்வதால் கிருமி எதிர்ப்பு வளர்க்கும் சிக்கல் இல்லை. 2022-இல் 240 பெண்களிடம் நடந்த ஆய்வில், தினசரி ஆண்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 0.89 முறையும் இதை எடுத்தவர்களுக்கு 1.38 முறையும் தொற்று வந்தது. சற்றுக் குறைவுதான், ஆனால் ஏற்றுக்கொள்ளக்கூடிய குறைவு என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உங்களுக்கு அந்தப் பாதி தொற்று பெரிதா சிறிதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பனிமலர், ஆகஸ்ட் 6

களிம்பு தொடங்கி ஆறு மாதம். மே மாதத்தில் ஒரு முறை மட்டும் வந்தது. இரவு மாத்திரை எதுவும் இல்லை. களிம்பையும் ஒரு நாள் நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன், பூசும் வரைதான் பயன் என்பதால் தொடரச் சொன்னார்கள்.

தாழைமடல், செப்டம்பர் 14

மெத்தனமின் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை. நாளுக்கு நான் குடித்த தண்ணீர் ஒரு லிட்டர்கூட இல்லை என்பதை மருத்துவர் கேட்டபோதுதான் அளந்து பார்த்தேன். குறைவாகக் குடிக்கும் பெண்கள் நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2018-இல் ஆய்வு வந்திருப்பதாகச் சொன்னார். ஐந்து தொற்று, எட்டு மாத இரவு மாத்திரை, நுரையீரல் ஸ்கேன் எல்லாவற்றுக்கும் முன்பு யாராவது இதைக் கேட்டிருக்கக்கூடாதா என்று கோபம் வந்தது.

நாட்குறிப்பில் இப்போது இரண்டு பத்திகள் இருக்கின்றன, உறவு கொண்ட நாள் ஒன்று, எரிச்சல் வந்த நாள் ஒன்று. டிரைமெத்தோபிரிமை நிறுத்தி எட்டு வாரம். முதல் பத்தியில் ஒன்பது தேதிகள், இரண்டாவதில் ஒன்றும் இல்லை. இன்னொரு தொற்று வந்தால் மெத்தனமினைத் தொடங்குவதா, அல்லது மார்ச்சைப் போல இரண்டாவதற்குக் காத்திருப்பதா என்று நானும் மருத்துவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வெண்காந்தள், செப்டம்பர் 15

காத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ முதுகுப் பக்க வலியோ சேர்ந்து வந்தால் கல்ச்சர் முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.